நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? எழுபது வயதில் தசை இழப்பும் வலிமைப் பயிற்சியும்

எங்கள் பள்ளிவாசலில் பத்து வருடங்களுக்கு முன் கடைசி ஸஃப்பின் ஓரத்தில் இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. இப்போது பதினொன்று. முழங்கால் வலி என்று சிலர், மயக்கம் வருகிறது என்று சிலர். ஆனால் பலர் சொல்லும் காரணம் வேறு. "வலியெல்லாம் ஒன்றுமில்லை ஹஜரத், ஸஜ்தாவிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை" என்பார்கள். நானும் இயலாதவர் உட்கார்ந்து தொழலாம் என்ற சட்டத்தைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த இயலாமை எங்கிருந்து வந்தது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

சென்ற வருடம் என் அத்தாவும் நாற்காலி கேட்டார்கள். அவர்களுக்கு வயது 74, எடை 62 கிலோ. முப்பது வருடம் மளிகைக் கடை நடத்தி, அரிசி மூட்டையைத் தோளில் சுமந்தவர்கள். ஐந்து வேளையும் பள்ளிக்கு நடந்தே வருகிறவர்கள். முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், "வயதுக்கு உரிய தேய்மானம்தான், இதனால் எழ முடியாமல் போகாது" என்று சொல்லி ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். அங்கேதான் சார்கோபீனியா என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டேன். நான் மருத்துவன் அல்ல. அத்தாவோடு அங்கே போய் வந்த மாதங்களில் பார்த்ததையும், பிறகு தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பெயர் வந்த கதை

வயதாக ஆகத் தசை குறைகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதற்கு ஒரு பெயர் இல்லாததால் மருத்துவர்களும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1988-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், இர்வின் ரோசன்பெர்க் என்ற அறிஞர் இதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றார். கிரேக்க மொழியில் 'சார்க்ஸ்' என்றால் சதை, 'பீனியா' என்றால் குறைவு. இரண்டையும் சேர்த்து சார்கோபீனியா என்றார். நோய்களின் அமெரிக்கப் பட்டியலில் இதற்குத் தனி இடம் 2016-ல்தான் கிடைத்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுபதுகளில் கால் தசையின் அளவு வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது. ஆனால் வலிமை அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகக் குறைகிறது. சதை குறைவது மட்டுமே காரணம் என்றால் இரண்டும் ஒரே வேகத்தில் அல்லவா குறைய வேண்டும்? அப்படி நடக்கவில்லை. மீதிக் காரணம் நரம்பில் இருக்கிறது.

நம் தசையில் இரண்டு வகை நார்கள் உண்டு. ஒன்று மெதுவாக, களைக்காமல் வேலை செய்வது. நிற்பதும் நடப்பதும் பெரும்பாலும் அதன் வேலை. மற்றொன்று வேகமாக, பலமாக இழுப்பது. தரையிலிருந்து எழும்போதும், படி ஏறும்போதும், கால் இடறியதும் சட்டென்று அடுத்த காலை முன்னே வைத்துச் சமாளிக்கும்போதும் அதுதான் வேலை செய்கிறது. வயதாகும்போது தண்டுவடத்திலிருந்து தசைக்கு வரும் நரம்பணுக்கள் சில இறந்துபோகின்றன. அவற்றை நம்பியிருந்த நார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும். தத்தெடுக்கப்படாதவை சுருங்கி மறைந்துவிடும். இந்த இழப்பில் அதிகம் அடிபடுவது இரண்டாவது வகை, அதாவது வேகமான நார்கள்.

அத்தாவின் புதிருக்கும் இங்கேதான் விடை இருந்தது. தினமும் ஐந்து வேளை நடந்தவர்களுக்கு ஏன் எழ முடியவில்லை? நடப்பது முதல் வகை நார்களைத்தான் உழைக்க வைத்தது. இரண்டாவது வகைக்கு வருடக்கணக்கில் வேலையே கிடைக்கவில்லை. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் எழும் பலத்தை அது காப்பாற்றுவதில்லை.

எடை பார்க்கும் கருவியும் இதைக் காட்டிக்கொடுக்காது. தசை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்துவிடுவதால் பத்து வருடமாக அதே எடை இருக்கும். "உடம்பு அப்படியேதான் இருக்கு" என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கடிகாரம் ஒன்று, நாற்காலி ஒன்று

பிசியோதெரபிஸ்ட் ஓர் இளம் பெண். அவர் முதலில் செய்த சோதனைக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. கைப்பிடி இல்லாத சாதாரண உயர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். "ஐயா, இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொள்ளுங்க. நான் சொன்னதும் முழுசா எழுந்து, உட்கார்ந்து, அஞ்சு தடவை, முடிஞ்ச வேகத்தில் செய்யுங்க" என்றார். ஐந்தாவது முறை நிமிர்ந்து நின்றதும் கடிகாரத்தை நிறுத்தினார். 18 விநாடி.

ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019-ல் வெளியிட்ட அளவுகோலின்படி, 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை இழப்பு இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். கைப்பிடி வலிமையைக் காட்டும் கருவியில் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைவாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். அத்தாவுக்கு 24 இருந்தது. கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் குறைந்தால் அதுவும் ஓர் அடையாளம். காலில் வீக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அளவு ஏமாற்றிவிடும். நோயை உறுதிசெய்ய ஸ்கேன் எடுத்துத் தசையின் அளவைப் பார்ப்பார்கள். ஆனால் சந்தேகம் வந்ததுமே பயிற்சியைத் தொடங்கலாம், ஸ்கேனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்றார் அந்தப் பெண்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னார். தசை இழப்பு வருடக்கணக்கில் மெதுவாக வருவது. ஒரு பக்கக் கை கால் மட்டும் திடீரென்று பலவீனமானாலோ, சில மாதங்களிலேயே உடல் மெலிந்துகொண்டே போனாலோ அதை வயது என்று விட்டுவிடக் கூடாது. பக்கவாதம், தைராய்டு, கட்டுக்கு அடங்காத சர்க்கரை, புற்றுநோய் என்று அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

தொண்ணூறு வயதில் நடந்த பயிற்சி

"எழுபத்து நாலு வயசில் பளு தூக்கச் சொல்றீங்களே, எலும்பு முறிஞ்சா என்ன செய்வது?" என்று அம்மா கேட்டார்கள். 1990 வரை மருத்துவ உலகமும் இதே பயத்தோடுதான் இருந்தது. முதியவர்களுக்குப் பளு ஆபத்து, மெதுவான அசைவுகள் போதும் என்பதே அன்றைய பொதுவான அறிவுரை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்தார். முதியோர் காப்பகம் ஒன்றில் இருந்த பத்துப் பேரைச் சேர்த்தார். அவர்களின் வயது 86 முதல் 96 வரை. எட்டு வாரங்கள், வாரம் மூன்று நாள், முழங்காலை நீட்டும் தசைக்குப் பளுவோடு பயிற்சி கொடுத்தார். பெயருக்குக் கொடுத்த பளு அல்ல. ஒருவர் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் எண்பது சதவீதம் வரை கொண்டுபோனார். பயிற்சியை முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்களின் கால் வலிமை சராசரியாக இரண்டே முக்கால் மடங்கு ஆகியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் இருந்த மூவரில் ஒருவர் எழுந்தார்.

அந்த ஆய்வின் இரண்டு விவரங்கள் எனக்கு முக்கியமாகப் பட்டன. வலிமை அவ்வளவு கூடியும் தொடைத் தசையின் அளவு ஒன்பது சதவீதம்தான் கூடியது. அப்படியானால் முதலில் மாறுவது சதை அல்ல. தூங்கிக்கிடந்த நார்களை நரம்பு மறுபடி அழைக்கக் கற்றுக்கொள்கிறது. அதனால் கண்ணாடியில் வித்தியாசம் தெரியவில்லையே என்று யாரும் நிறுத்திவிடக் கூடாது. மற்றொன்று, பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அவர்கள் உச்ச வலிமையில் மூன்றில் ஒரு பங்கை இழந்தார்கள்.

1994-ல் அவரது குழுவே நூறு பேரை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்றைச் செய்தது. சிலருக்குப் பயிற்சி மட்டும், சிலருக்குச் சத்துப் பானம் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பயிற்சி செய்தவர்களுக்கு வலிமை கூடியது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு விலை உயர்ந்த சத்து மாவு டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டுத் திருப்தி அடைகிற நாம் இதை யோசிக்க வேண்டும்.

தொழுகையே உடற்பயிற்சிதானே?

இதை என்னிடம் கேட்காதவர் இல்லை. ஒரு காலத்தில் நானே மேடையில் அப்படிப் பேசியிருக்கிறேன். தொழுகை வணக்கம். அதை உடற்பயிற்சிக் கணக்கில் வைப்பது அதற்குச் செய்யும் மரியாதை அல்ல என்பது ஒரு பக்கம். உடலின் கணக்கிலும் அது சரிவராது.

தசை பலமாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இன்று அதற்குக் கடினமாக இருக்கும் வேலையைக் கொடுக்க வேண்டும். அது பழகியதும் வேலையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஸஜ்தாவிலிருந்து எழுவது தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல வேலைதான். ஆனால் ஐம்பது வருடமாக ஒரே அளவு வேலை. தசை அதற்கு எப்போதோ பழகிவிட்டது. இருக்கும் பலத்தைக் கொஞ்ச காலம் தக்கவைக்க அது உதவலாம். குறைந்துபோன பலத்தைத் திரும்பக் கொண்டுவர எடை கூடிக்கொண்டே போக வேண்டும். நாற்காலிக்கு மாறியதும் அந்த வேலையும் நின்றுவிடுகிறது, பலம் இன்னும் வேகமாகக் குறைகிறது.

அத்தாவின் பன்னிரண்டு வாரம்

வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. சனி, திங்கள், புதன் என்று வைத்துக்கொண்டோம். நேரம் அஸருக்குப் பின், தேநீரும் சுண்டலும் சாப்பிட்ட பிறகு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம் என்பதால் இப்படி.

பயிற்சிகள் மூன்றே மூன்று. முதலாவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. இரண்டாவது, சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. மூன்றாவது, சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, முழங்கையை மடக்கி முகத்தைச் சுவரருகே கொண்டுபோய்ப் பிறகு தள்ளி நிமிர்வது. முதல் பயிற்சியை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் கை ஊன்றாமல் எழ அத்தாவால் முடியவில்லை. எனவே நாற்காலியின் மேல் கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டினோம். கால் இரண்டும் இடுப்பு அகலத்தில், பாதம் முழங்காலுக்குச் சற்றே உள்ளே தள்ளி. மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து பிறகு எழ வேண்டும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும், பொத்தென்று விழக் கூடாது. எட்டுத் தடவை செய்து இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி எட்டு.

எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பெண் ஓர் எளிய அளவு சொன்னார். "எட்டு முடிக்கும்போது இன்னும் இரண்டு செய்யலாம், அதுக்கு மேல் முடியாதுன்னு தோணணும். இன்னும் பத்து செய்யலாம்னு தோணினா அது பயிற்சி இல்லை. ஒண்ணுகூட முடியாதுன்னு தோணினா அது அதிகம்." எட்டுப் பன்னிரண்டாகி, பன்னிரண்டும் இரண்டு நாள் தொடர்ந்து சுலபமாகிவிட்டால் அடுத்த படி.

மூன்றாம் வாரம் தலையணையை எடுத்தோம். ஐந்தாம் வாரம் துணிப் பையில் இரண்டு கிலோ அரிசியைக் கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார்கள். அங்கேதான் தவறு நடந்தது. பழைய மளிகைக் கடைக்காரருக்கு இரண்டு கிலோ அவமானமாக இருந்திருக்கிறது. நான் ஊரில் இல்லாத நாளில் ஐந்து கிலோவைக் கட்டிக்கொண்டார்கள். மறுநாள் வலது முழங்கால் வீங்கிவிட்டது.

இந்த இடத்தில் இரண்டு வலிகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பயிற்சியால் வரும் தசை வலி இரண்டு தொடையின் சதையிலும் மந்தமாக இருக்கும், மறுநாளோ அதற்கு மறுநாளோ வரும், கொஞ்சம் நடந்தால் இளகும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம். மூட்டு வலி பெரும்பாலும் ஒரு பக்கம், ஒரே இடத்தில், செய்யும்போதே குத்தும், வீங்கவும் செய்யும். அப்படியானால் அந்தப் பயிற்சியை நிறுத்திக் கேட்க வேண்டும். அத்தாவுக்கு ஒரு வாரம் முதல் பயிற்சியை விட்டு, மீண்டும் பை இல்லாமல் தொடங்கி, பிறகு ஒவ்வொரு கிலோவாகத்தான் கூட்டினோம்.

எட்டாம் வாரம் காய்ச்சல் வந்து ஆறு நாள் படுத்துவிட்டார்கள். முதியவர்களுக்குப் படுக்கை எவ்வளவு பெரிய செலவு என்பது அப்போது புரிந்தது. அமெரிக்காவில் 2007-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தபோது கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. அத்தாவும் எழுந்ததும் பழைய எடையைத் தூக்க முடியாமல் திணறினார்கள். ஒரு படி கீழே இறங்கி மறுபடி ஏறினோம்.

பன்னிரண்டாம் வார முடிவில் பையில் நான்கு கிலோ இருந்தது. ஐந்து முறை எழுந்து உட்கார ஆன நேரம் 18 விநாடியிலிருந்து 14 ஆனது. ஆறு மாதத்தில் 11½ விநாடி. கைப்பிடி வலிமை 24-லிருந்து 25 மட்டுமே ஆனது. எந்தத் தசைக்கு வேலை கொடுத்தோமோ அதுதான் தேறும் என்பதற்கு இதுவே சான்று.

தட்டில் என்ன இருக்கிறது

வயதான தசைக்கு ஒரு குணம் உண்டு. இளைஞனின் தசை கொஞ்சம் புரதம் கிடைத்தாலே அதைச் சதையாக மாற்றிவிடும். முதியவரின் தசை அதே அளவுக்கு அசையாது, கூடுதலாகக் கேட்கும். எனவே ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்று பரிந்துரைக்கிறார்கள். 62 கிலோ எடைக்கு ஏறக்குறைய 62 முதல் 75 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கை மருத்துவரைக் கேட்காமல் பின்பற்றக் கூடாது.

நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் புரதம் குறைவதில்லை. குறைவது முதியவரின் காலை உணவிலும் இரவு உணவிலும்தான். மூன்று இட்லி சட்னியோடு காலை முடிந்துவிடுகிறது. பல் இல்லாததால் இறைச்சியை ஒதுக்கிவிட்டு இரவில் கஞ்சியோ இரண்டு இடியாப்பமோ போதும் என்கிறார்கள். அத்தாவுக்குக் காலையில் இரண்டு அவித்த முட்டை சேர்த்தோம், அதில் 12 கிராம் புரதம். இரவில் முள் எடுத்த மீன் அல்லது கொத்துக்கறி, அல்லது கெட்டிப் பருப்பும் ஒரு டம்ளர் பாலும். நோன்பு மாதத்தில் பயிற்சியை இஃப்தாருக்குப் பிறகு மாற்றிக்கொண்டோம். ஸஹரில் தேநீரும் பேரீச்சம்பழமும் மட்டும் போதாது என்று முட்டையையும் தயிரையும் வைத்தோம்.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் வருபவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், அண்மையில் கண் அறுவையோ குடலிறக்க அறுவையோ செய்துகொண்டவர்கள், முதுகெலும்பு நொறுங்கியவர்கள், நிற்கும்போது தலைசுற்றுபவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்குவது எல்லாருக்கும் ஆபத்து, அது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாகவே வெளியே வரும்.

இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இதுவரை இல்லை. பயிற்சியும் இழந்த எல்லாவற்றையும் திருப்பித் தராது. இறந்த நரம்பணு மீண்டும் வராது. எஞ்சியிருக்கும் நார்களைப் பலப்படுத்துவதே அதன் வேலை. அத்தாவும் ஸஜ்தாவிலிருந்து எழும்போது இன்றும் ஒரு கையைத் தரையில் ஊன்றித்தான் எழுகிறார்கள். ஆனால் எழுகிறார்கள்.

இப்போது பெரியவர் யாராவது என்னிடம் வந்து நாற்காலி கேட்டால் கொடுத்துவிடுகிறேன், அது அவருடைய உரிமை. கொடுத்துவிட்டு, தொழுகை முடிந்ததும் அதே நாற்காலியில் உட்காரவைத்து, "கையைக் கட்டிக்கொண்டு அஞ்சு தடவை எழுந்து உட்காருங்க பார்ப்போம்" என்று கேட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.